பேனரில் சிரித்தால் விழா, போனில் சிரித்தால் குற்றம்

ஒரு பெண்ணின் முகத்தை எவனோ எடுத்து நிர்வாண உடலில் ஒட்டிப் பரப்பிவிட்டான் என்று செய்தி வந்தால், நம் ஊர் அவனைத் தேடுவதில்லை. அவளைத் தேடிப் போய்க் கேட்கிறது: "உன்னை யாரும்மா போட்டோ போடச் சொன்னது?"

கேட்கிறவர்கள் யார் யார் என்று பாருங்கள். அக்கா மகள் வயசுக்கு வந்ததை முச்சந்தியில் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்து அறிவித்த தாய்மாமன். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் முகத்தைப் பெயரோடும் ஊரோடும் பள்ளிப் பேருந்தின் முதுகில் ஒட்டி ஜில்லா முழுக்கச் சுற்றவிட்ட தாளாளர். வரன் குரூப்பில் முழு உருவம் ஒன்று, க்ளோசப் ஒன்று, நட்சத்திரம், சம்பளம், அப்பா நம்பர் எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பிவைத்த பெரியப்பா. ரிசப்ஷனுக்கு வந்த பெண்களின் முகங்களை ஒன்றுவிடாமல் பின்னணி இசையோடு யூடியூபில் ஏற்றிய வீடியோக்காரர். இவ்வளவு பேர் போட்டது போக, அந்தப் பெண் தானாகப் போட்டது ஒரு வாட்ஸ்அப் டி.பி. கற்பு அங்கேதான் கசிந்ததாம்.

2019 ஜூனில் டீப்நியூட் என்று ஒரு செயலி வந்தது. உடுத்திய பெண்ணின் படம் ஒன்று கொடுத்தால் ஆடையில்லாத படமாக்கித் தரும். ஆணின் படத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் பெண்ணுடலையே பொருத்தித் தந்தது. பழக்கியவர்கள் பெண்களை மட்டுமே காட்டிப் பழக்கியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் செய்தவர்களே அதை விலக்கிக்கொண்டார்கள். நகல்கள் விலகவில்லை. இன்று அந்த வேலையைச் செய்யப் படிப்பும் வேண்டாம், பணமும் பெரிதாக வேண்டாம்.

ஆடைக்குள் என்ன இருக்கிறதென்று இந்த இயந்திரத்துக்குத் தெரியாது. முகத்தின் நிறத்தையும் வெளிச்சம் விழும் பக்கத்தையும் பார்த்துக்கொண்டு, முன்பு விழுங்கிய ஆயிரக்கணக்கான வேறு உடல்களிலிருந்து ஓர் ஊகத்தை வரைகிறது. படத்தில் அவளுடையது நெற்றியிலிருந்து தாடை வரைக்கும்தான். மீதி பொய். நம் ஆட்கள் நம்புவது அந்த மீதியை.

முகம் தெளிவாகத் தெரிகிற ஒரே படம் போதும் என்பதால், "போட்டோ போடாதே" என்பது வைத்தியமே இல்லை. அவள் போடாவிட்டால் பேருந்தின் முதுகு இருக்கிறது. மிரட்டுகிறவனுக்கு வேண்டியவை இரண்டு. முகம் ஒன்று, அதைக் காட்டி அவமானப்படுத்த ஆட்கள் இன்னொன்று. முகத்தை மறைத்து வாழ முடியாது. ஆட்கள் பட்டியலை மறைக்கலாம். நம் வீட்டுப் புத்திமதிகளில் இந்த இரண்டாவது வருவதே இல்லை.

கடன் செயலிக்காரர்களைப் பாருங்கள், தொழில் சுத்தம். அவசரத்துக்கு ஐந்தாயிரம் கேட்கிறார் ஒருவர். லிங்க் வருகிறது, செயலியை இறக்குகிறார். கான்டாக்ட்ஸைப் பார்க்கட்டுமா, கேலரியைத் திறக்கட்டுமா, ஒரு செல்ஃபி எடுக்கட்டுமா என்று அது பணிவாகக் கேட்கிறது. மூன்றுக்கும் சரி என்கிறார். ஒரு வாரத்தில் கெடு. கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒரு படம் வரும்: செல்ஃபியில் இருந்த அதே முகம், கீழே எவருடையதோ உடல். கூடவே பெயர்கள்: அப்பா, மேனேஜர், நாத்தனார். அவன் விலை பேசுவது படத்துக்கு அல்ல, அந்தப் பெயர்களுக்கு.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே, கடன் செயலிகள் கான்டாக்ட்ஸையும் கேலரியையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டது. கூகுளும் 2023 மே 31 முதல் தன் பிளே ஸ்டோரில் அதைத் தடுத்தது. ஆகவே கடன் கொடுக்கிறேன் என்று வந்து கான்டாக்ட்ஸ் கேட்கிற செயலி, கேட்கும்போதே கையும் களவுமாக மாட்டிக்கொள்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு அழித்துவிடலாம்.

மற்ற இடங்களிலும் இதே கணக்குதான். ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலை நீங்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். ப்ரொஃபைலைப் பூட்டும் வசதியும் இருக்கிறது. இன்ஸ்டாவை ப்ரைவேட் ஆக்கினால் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் பட்டியலும் வெளியாட்களுக்குச் சேர்ந்து மறையும். டி.பி.யை கான்டாக்ட்ஸில் இருப்பவர்கள் மட்டும் பார்த்தால் போதும். பள்ளியிடம், மகளின் முகம், முழுப்பெயர், ஊர் மூன்றையும் ஒரே விளம்பரத்தில் போடக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள். படத்தின் மேல் பூ ஒட்டுவது, பெயரை வாட்டர்மார்க் அடிப்பது எல்லாம் மனசாந்திக்கு நல்லது. பொய்ப்படம் செய்கிறவனை அது தடுக்காது.

இதையெல்லாம் மீறியும் படம் வந்துவிட்டால்? பணம் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் அடுத்த தவணை உறுதி. பதறி அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், இணைப்பு, தேதி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் படமாக இருந்தால் ஆதாரம் என்ற பெயரில்கூட யாருக்கும் அனுப்பாமல், இணைப்பை மட்டும் போலீசிடம் கொடுங்கள். பிறகு உங்கள் பழைய படங்களில் அந்த முகத்தைத் தேடுங்கள். அதே தலைச்சாய்ப்பு, அதே கம்மல், காதோரம் அதே கலைந்த முடியோடு ஒன்று அகப்படும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொய் வெளிப்படும். அந்த அசலை யார் யாருக்குக் காட்டினோம் என்று யோசித்தால் சந்தேக வட்டமும் சுருங்கும். சில சமயம் அந்த வட்டத்துக்குள், ஆறுதல் சொல்ல முதலில் ஓடிவந்தவர் நிற்பார்.

StopNCII.org என்ற தளம் உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாக்கும். படம் போனைவிட்டு வெளியே போகாது. அந்த அடையாளத்தை வைத்து, சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அதே படத்தைத் தடுக்கும். பிள்ளைகளுக்கு இதே போல Take It Down என்று ஒன்று. வாட்ஸ்அப் குரூப்புகளுக்குள் இவற்றின் கை எட்டாது. குரூப்பில் நம் அங்கிள் இருக்கிறார்: "பாவம், யார் வீட்டுப் பொண்ணோ, உஷாரா இருங்க" என்று எழுதி, படத்தையும் சேர்த்து ஃபார்வர்ட் செய்கிறார். படம் பாலியல் செயலைக் காட்டுவதாக இருந்தால், அவருடைய சமூகப் பொறுப்புக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவு ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. ஒரு அங்கிளாவது உள்ளே போனால் குரூப் கொஞ்சம் அமைதியாகும்.

சமூக ஊடக நிறுவனத்திடம் புகார் கொடுக்கும்போது "தயவுசெய்து நீக்குங்கள்" என்று கெஞ்ச வேண்டாம். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(b) என்று குறிப்பிடுங்கள். மார்ஃபிங் செய்த படத்தைப் பற்றி பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அப்போதே எழுதிவைத்தார்கள்; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடுவை இரண்டு மணி நேரமாகக் குறைத்தார்கள். cybercrime.gov.in தளத்திலும் பதிவுசெய்யுங்கள்.

இனி காவல் நிலையம். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை மார்ஃபிங் செய்து ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். குடும்பம் புகார் கொடுத்தது. விசாரிக்க வேண்டிய போலீஸ்காரர் லஞ்சமாக ஒரு செல்போன் கேட்டார், வாங்கியும் கொடுத்தார்கள். படங்கள் நீங்குவதற்குள் அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். செத்த பிறகு கேட்கிற மன்னிப்புக்கு ஸ்டேஷனில் ரசீது தருவார்களா தெரியவில்லை.

இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு இருக்கிறது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவுசெய்யலாம். "இது எங்க லிமிட் இல்லம்மா, சைபர் செல்லுக்குப் போங்க" என்று அனுப்ப முடியாது. மின்னஞ்சலில் அனுப்பினாலும் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவுசெய்ய மறுத்தால் அதே பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். உறைக்குள் புகார் மட்டும் போதும், செல்போன் வைக்க வேண்டியதில்லை.