எண்பது சென்ட் தகராறு

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. "கூலி ஏறினால் வேலை போகும், ஆகவே ஏற்றக் கூடாது" என்பது பழைய வாதம். இந்த வாக்கியத்தில் இரண்டு பேர் பயணம் செய்கிறார்கள். டிக்கெட் எடுத்தவர் ஒருவர்தான்.

"வேலை போகும்" என்பது இயல்புரைக் கூற்று. சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் எண்ணிப் பார்க்க முடியும். பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் எண்ணினார்கள். நியூ ஜெர்சியிலும், கூலி ஏறாத பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் சுமார் 400 துரித உணவகங்களை, உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. பிறகு வேறு இரு பொருளாதார அறிஞர்கள், நியூமார்க்கும் வாஷரும், சம்பளப் பதிவேடுகளை வைத்து, குறைந்தது என்றார்கள். சண்டை கடுமையாகவே நடந்தது. ஆனால் அது கணக்கைப் பற்றிய சண்டை.

"ஏற்றக் கூடாது" என்பது நெறியுரை. அதை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. நூறில் இரண்டு பேருக்கு வேலை போனாலும் மீதி 98 பேருக்குக் கூலி கூடுவது நல்லது என்று ஒருவர் சொல்லலாம். அந்த இருவருக்கு யார் பதில் சொல்வது என்று இன்னொருவர் கேட்கலாம். வாதிடும் இருவரிடமும் இருப்பது ஒரே புள்ளிவிவரம்தான்.

நம் தொலைக்காட்சி விவாத மேடைகளில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே தீர்ப்பு முதலில் வந்துவிடும். புள்ளிவிவரம் விளம்பர இடைவேளைக்குப் பிறகு வரும். அடுத்த முறை ஒரு நிபுணர் "பொருளாதாரமே சொல்கிறது, இதைச் செய்தாக வேண்டும்" என்றால், சொல்வது பொருளாதாரமா அவரா என்று கேளுங்கள்.