பக்கத்து வீட்டுக்குள் நுழைந்த பிளான்

கல்லூரியில் நான் வரைந்த வீடுகளில் எல்லாச் சுவரும் 230 மில்லிமீட்டர்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வேறு சுவரும் உண்டு என்று சொல்லிக்கொடுத்த அன்றைக்கு நான் கேன்டீனில் இருந்திருப்பேன். அந்த அறிவோடு அந்தமானில் இன்டர்னாகச் சேர்ந்தேன். பழைய மர வீடு ஒன்றை அளந்து பிளான் வரைந்து வரச் சொன்னார்கள். வீடு பாம்பூ ஃபிளாட்டில். சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போகவேண்டும். எதையாவது அளக்க மறந்தால் மறுபடி கடல்தான்.

டேப், பேட், பென்சில் எல்லாம் சரியாகவே கொண்டுபோனேன். வரிசையாக இருந்த மூன்று அறைகளின் உள் அளவுகளை எழுதினேன்: 3650, 2740, 3350. சுவரின் கனத்தை மட்டும் அளக்கவில்லை. அதுதான் தெரியுமே! அலுவலகத்துக்கு வந்து கேடில் OFFSET கொடுத்து 230 என்று தட்டினேன். நான்கு சுவருக்கு 920. அறைகளையும் கூட்டினால் வீட்டின் நீளம் 10660.

நல்லவேளையாக வெளிப்புறத்திலும் ஒருமுறை டேப்பை ஓட்டியிருந்தேன். அது 10140 என்றது. அரை மீட்டருக்கு மேல் வீடு வளர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மதிலுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தே 450தான். என் பிளானில் வீட்டுக்காரத் தாத்தாவின் படுக்கையறை அந்த மதிலுக்குள் ஏழு சென்டிமீட்டர் போயிருந்தது. 520ஐ நான்கால் வகுத்தால் 130. ஒவ்வொரு சுவரிலும் அவ்வளவு நான் சும்மா சேர்த்தது. மரச்சட்டமும் அதன்மேல் அடித்த பலகையும் சேர்ந்து உண்மையில் 100தான். கதவைத் திறந்து வைத்து, நிலைக்குப் பக்கத்தில் டேப்பைக் குறுக்கே வைத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இது பரவாயில்லை, கணக்கிலேயே பிடிபட்டுவிட்டது. முதல் அறை பிடிபடாமல் படுத்தியது. அதன் நான்கு பக்கம் 3650, 4250, 3710, 4270. எதிரெதிர்ச் சுவர்கள் ஒத்துப்போகவில்லை. நான் F8 தட்டி ORTHO போட்டு வரைகிறவன். கோடு கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டுமே போகும். கடைசிக் கோடு முதல் கோட்டோடு சேராமல் அறுபது மில்லிமீட்டர் தள்ளி நின்றது. டேப் தொய்ந்திருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லி, செவ்வகமாக மூடிவிட்டேன். அதோடு விட்டேனா? 3650 என்று காட்டிய டைமென்ஷனை இரண்டு முறை கிளிக் செய்து, எண்ணை அழித்து, கையால் 3710 என்று எழுதினேன். அலுவலகத்து அக்கா ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தார். Measurement என்ற இடத்தில் ஒரு எண், Text override என்ற இடத்தில் வேறொரு எண். அவர் திட்டவில்லை. “டயகனல் எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

எடுக்கவில்லை. நான்கு பக்கத்தின் நீளம் தெரிந்தால் மட்டும் ஒரு அறையின் வடிவம் தெரிந்துவிடாது. ஆணி தளர்ந்த கட்டில் சட்டம் போல, அதே நீளங்களை வைத்துக்கொண்டே அது இப்படியும் அப்படியும் சாயும். மூலைக்கு மூலை ஒரு அளவு எடுத்தால்தான் நிற்கும். ஆகவே மறுபடி ஃபெர்ரி, மறுபடி தாத்தாவின் டீ. டயகனல்கள் 5680, 5580 என்று வந்தன. மூலைமட்டம் சரியாக இருக்கும் செவ்வகத்தில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இங்கே நூறு மில்லிமீட்டர் வித்தியாசம்.

இந்தமுறை ORTHOவை அணைத்தேன். அடிச்சுவர் 3650. அதன் இடது முனையில் 4270 ஆரத்தில் ஒரு வட்டம், வலது முனையில் 5680 ஆரத்தில் இன்னொன்று. இரண்டும் வெட்டிய இடம் மூன்றாவது மூலை. அது செங்குத்துக் கோட்டிலிருந்து கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் வெளியே தள்ளி விழுந்தது. அங்கிருந்து 3710, வலது முனையிலிருந்து 4250. நான்காவது மூலையும் கிடைத்தது. வரையப் பயன்படுத்தாமல் வைத்திருந்த இன்னொரு டயகனலை DIST போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 5580. ஒரு எண் சரியாக வந்ததற்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றவன் அந்த அலுவலகத்தில் நான் ஒருவன்தான்.

பிளானைத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. ஆனா முன்னறையக் கோணலாப் போட்டுட்டீங்களே?”

“அறையே கோணல்தான் தாத்தா. அந்த மூலையில பீரோ சுவரோட ஒட்டாம நிக்குது, பாருங்க.”

“அது பீரோ கோணல். கடைக்காரன்கிட்ட அப்பவே சொன்னேன்.”