பச்சைக் கட்டம்

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு போன். "சார், உங்க வெப்சைட்டைத்தான் பார்த்துட்டிருக்கேன். ரூம் போட்டோ எல்லாம் பிரமாதம். ரேட் என்ன சார்?" அவர் பார்த்துக்கொண்டிருக்கும் போட்டோவுக்கு இரண்டு விரற்கடை கீழே ரேட் இருக்கிறது. சொன்னேன். "ரூம் இருக்கா?" அதற்கும் கீழே காலண்டர்; பச்சை என்றால் உண்டு, சிவப்பு என்றால் இல்லை. "பச்சையாத்தான் சார் காட்டுது. அதான் கேக்கறேன், இருக்கா?"

கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேராவது இப்படி யாருக்காவது போன் செய்திருப்பீர்கள், விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலண்டரை நேற்று ராத்திரியே ஏன் தூக்கிவிட்டேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் போட்டோ. என் மருமகன் எடுத்தது. கதவு மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, போனில் 0.5 என்பதைத் தட்டி எடுத்தான். அந்த அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அறை கல்யாண மண்டபம் மாதிரி ஆனது. வந்தவர்கள் அறைக்குள் நின்றுகொண்டே "அந்தப் பெரிய ரூம் எங்க?" என்று கேட்டார்கள். பிறகு நானே 1-இல் வைத்து, அளவு தெரியட்டும் என்று கட்டில் மேல் ஒரு சூட்கேஸையும் வைத்து எடுத்தேன். "யாரோ தங்கியிருக்கிற மாதிரி இருக்கே சார்" என்று போன்.

ரேட்டுக்கு வருகிறேன். ஏப்ரல், மே இரண்டும் சீசன், ஓர் இரவுக்கு 4,500. ஜூன் 1 முதல் 2,800. ஒருத்தர் மே 30 மதியம் வந்து ஜூன் 2 காலையில் கிளம்புவதாகச் சொன்னார். காலண்டரில் ஒரு கட்டம் என்பது ஒரு பகல் இல்லை, ஓர் இரவு. 30, 31, 1 என்று மூன்று இரவு. முதல் இரண்டும் 4,500, மூன்றாவது 2,800, ஆக 11,800. அவர் கணக்கில் 8,400. எப்படி என்றேன். "ரூமைக் காலி பண்றது ஜூன்லதானே சார், பில்லும் ஜூன்லதானே போடுவீங்க?" வருவது மே மாதத்தில்தானே என்றேன். "வர்ற அன்னிக்கு மத்தியானம்தானே வர்றோம், அரை நாள் போயிடுச்சே." சரி, அந்த அரை நாளுக்கும் இரவு முழுசாக உண்டே? "ராத்திரி தூங்கத்தானே போறோம்?" இவ்வளவும் பேசி முடித்தபின், 2-ஆம் தேதிக் கட்டம் ஏன் இன்னும் பச்சையாக இருக்கிறது, காலையிலேயே துரத்திவிடுவீர்களா என்று வருத்தப்பட்டார். அன்று பதினொரு மணிக்கு அவர் காலி செய்தால் மதியம் வேறொருவர் வரலாம், அந்த இரவு இன்னும் விற்கவில்லை, அதனால் பச்சை. இதை மூன்று விதமாகச் சொன்னேன். கடைசியில் குறிஞ்சி பூத்திருக்குமா என்று கேட்டார். 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான் என்றேன். "அப்ப அதுக்கும் ஒரு ரூம் போட்டுடுங்க, இதே ரேட்தானே?" எந்த ரேட் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

இத்தனைக்கும் அந்தப் பச்சையை முழுசாக நம்ப முடியாது என்பதும் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு புக்கிங் தளத்திலும் அறைகளைப் போட்டிருக்கிறேன். என் காலண்டரின் .ics இணைப்பை அங்கேயும், அதன் இணைப்பை இங்கேயும் ஒட்டியாயிற்று. ஆனால் ஒன்று நிறைந்தால் உடனே மற்றது சிவப்பாகாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்த்துக்கொள்ளும். போன சனிக்கிழமை அந்த இடைவெளியில் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம். ஒன்றை எங்கள் ஹாலில் படுக்க வைத்தேன். ஹாலுக்கு என்ன ரேட் என்று கேட்டார்கள்.

உண்மையான காலண்டர் எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது, மளிகைக் கடையில் கொடுத்தது. போனில் வரும் புக்கிங்கை என் மனைவி அதில்தான் பென்சிலால் குறிப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்ந்து அதைப் பார்த்து வெப்சைட்டில் ஏற்றுவது என் வேலை. மே 16, 17 இரண்டு கட்டத்திலும் 'கேஸ்' என்று இருந்தது. மதுரைக் கேசவன் வருஷா வருஷம் வருகிறவர். இரண்டு இரவையும் சிவப்பாக்கினேன். 16-ஆம் தேதி சாயங்காலம் வரை அவரைக் காணோம். "கேசவன் கிளம்பிட்டாராமா?" என்று கேட்டேன்.

"எந்தக் கேசவன்? சிலிண்டர் இன்னிக்கு வரலேன்னா நாளைக்கு வரும்னு எழுதி வெச்சேன்" என்றாள்.

சிலிண்டர் 18-ஆம் தேதி வந்தது.