பத்து நிமிஷத்துல வந்துடுவேன் சார்

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளின் கடைசியில், தாம்பரம்–கடற்கரை தடத்தில் மீட்டர் கேஜ் மின்ரயில்தான் ஓடியது. நடுவழியில் அது நின்றுவிட்டால் ஆபீசுக்குச் சொல்ல வழியே கிடையாது. பாரிமுனையில் எங்கள் மேனேஜரின் மேஜையில் ஒரு போன் இருந்தது. பல்லாவரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில் தண்டவாளத்தில் நிற்கிறவனிடம் எது இருந்தது? வந்து சேர்ந்த பிறகுதான் விஷயமே தெரியும். பத்து பத்துக்கு வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்குக் கீழே கையெழுத்தும் வந்த நேரமும் போட வேண்டும். மூன்று சிவப்புக்கு அரை நாள் லீவு கழியும்.

“ஏன்யா லேட்டு?”

“டிரெயின் நின்னுடுச்சு சார்.”

“டிரெயின் தினமும் உனக்கு மட்டும் எப்படிய்யா நிக்குது?”

அத்தோடு முடிந்தது. ‘எத்தனை மணிக்கு வருவாய்’ என்று அந்தக் காலத்தில் எந்த மேனேஜரும் கேட்டதில்லை, ஆள்தான் எதிரே நிற்கிறானே! அதனால் பதிவேட்டில் இருந்த நேரமெல்லாம் சுத்தமான உண்மை.

இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் போன். ரயில் குலுங்கி நின்ற அடுத்த நொடியே பெட்டி முழுக்க ஒரே குரல்: “பத்து நிமிஷத்துல வந்துடுவேன் சார்.” பத்து நிமிஷம் கழித்து அதே ஆள், அதே பத்து நிமிஷம். மேனேஜர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பத்து என்றால் நாற்பது என்று மனசுக்குள் பெருக்கிக்கொள்கிறார்கள்.

போன வருஷம் ஒருநாள் காலை ஒன்பதரைக்குக் கிண்டி பிளாட்பாரத்தில் எங்கள் ரயில் நின்றது. சிக்னல் கோளாறு என்றால் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டியும் கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். அன்றைக்கு விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அப்படியானால் மேலே கம்பியில் மின்சாரம் இல்லை. அது இரண்டு நிமிஷத்தில் திரும்பி வருவதும் உண்டு. ஆனால் பக்கத்துத் தடத்திலும் எந்த வண்டியும் வரவில்லை. கம்பி அறுந்துவிட்டது என்று அறிவிப்பும் வந்துவிட்டது. பழுது பார்க்கும் டவர் வேகன் வந்து, கம்பியை இழுத்துக் கட்டி, மின்சாரம் விடுகிற வரைக்கும் அந்த ரயிலை நம்பி ஒரு நேரம் சொன்னால் அது வெறும் ஆசைதான்.

இறங்கி மெட்ரோவுக்கு நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். ரயிலில் வந்த கூட்டம் மொத்தமும் அங்கேதான் வரும் என்பதால் டிக்கெட்டுக்கும் சோதனைக்கும் இருபது நிமிஷம். ஏற முடிகிற மாதிரி வண்டி கிடைக்கப் பத்து. உயர் நீதிமன்ற ஸ்டேஷனுக்கு இருபத்தைந்து. அங்கிருந்து நடை பத்து. அப்போது மணி 9.40, கூட்டினால் 10.45. இதில் ஒன்று இழுத்தாலும் போச்சு என்பதால் கால் மணி சேர்த்து, இப்படி அனுப்பினேன்:

“சார், கிண்டியில் மின்கம்பி அறுந்து ரயில் நிற்கிறது. மெட்ரோவில் வருகிறேன். 11 மணிக்கு ஆபீசில் இருப்பேன். 10.15க்குள் மெட்ரோ ஏறாவிட்டால் புது நேரம் சொல்கிறேன். பத்தரை மீட்டிங்குக்கான பேப்பர் என் மேஜையில் மேலாக இருக்கிறது.”

இப்போதைய மேனேஜருக்கு என் பையன் வயசு. உடனே கூப்பிட்டார்.

“பதினொண்ணா? பத்தரைக்குள்ள வர முடியாதா சார்?”

“முடியாது சார்.”

“சரி, பத்தே முக்கால்?”

கத்திரிக்காய் பேரம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. ‘பத்தே முக்கால்’ என்று சொல்லியிருந்தால் அவருக்கும் அப்போதைக்கு நிம்மதி, எனக்கும் நல்ல பெயர். ஆனால் பத்தே முக்காலுக்கு வெளியாட்களை உட்கார வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கப் போவது அவர்தானே. “பதினொண்ணுன்னே வெச்சுக்கோங்க சார், மீட்டிங்கைத் தள்ளிடுங்க” என்றேன். பதினொன்றேகாலுக்குத் தள்ளினார். குரலில் சந்தோஷமே இல்லை.

10.55க்குப் போய்ச் சேர்ந்தேன். அதே ரயிலில் வந்த இன்னொருவர் அப்போதும் போனில் பத்து நிமிஷத்தில் வந்துகொண்டிருந்தார். 11.40க்கு உள்ளே நுழைந்தவரை மேனேஜர் தோளில் தட்டி, “பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு வந்திருக்கீங்க” என்றார். என்னைப் பார்த்து, “அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்களே, அப்ப பத்தே முக்காலுக்கே வந்திருக்கலாம் போல” என்றார்.