ரசீது புஸ்தகத்தோட வந்த பிள்ளைகளுக்கு

வாங்கலே, திண்ணையில உட்காருங்க. நன்கொடை ரசீது அச்சடிச்சாச்சு, பனியன் அளவு எடுத்தாச்சு, கபடி டீமுக்குப் பேரு மட்டும் இன்னும் வைக்கலையாக்கும். நல்லது. பிள்ளை பிறக்குமுன்ன தொட்டில் கட்டுத ஊருதானே இது.

என்ன பேரு யோசிச்சிருக்கிய? ‘வீறுகொண்ட வேங்கைகள் விளையாட்டுக் கழகம்.’ அடேயப்பா! ஒருத்தன் பாடிப்போறதுக்கே மொத்தம் 30 செகண்டுதான். நீங்க ‘கழகம்’னு முடிக்கதுக்குள்ள அவனை எதிராளி அமுக்கிப் படுக்கப் போட்டிருப்பான்.

பேரு நோட்டீசுல எவ்வளவு நீளமும் இருக்கட்டும். தொண்டைக்குப் போற பேரு ரெண்டெழுத்து, மிஞ்சினா மூணெழுத்து. கடைசி எழுத்துல வாய் திறந்திருக்கணும். ‘புயல்’னு கத்திப் பாரு, நாக்கு மேல போய் ஒட்டிக்கிடும். ‘வீரம்’னா உதடு மூடிக்கிடும், சத்தம் பக்கத்து வரப்பு தாண்டாது. மாடு மேய்க்கையில உங்க அம்மை உன்னை ‘முருகன்’னா கூப்பிட்டா? ‘முருகா...’ன்னு இழுத்தா, ரெண்டு வயல் தள்ளி நீ திரும்பிப் பார்த்தே. கூப்பிடுததுக்குன்னே இலக்கணத்துல எட்டாம் வேற்றுமைன்னு ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கான் தமிழன். தேர் இழுக்கையில ‘அரோகரா’ எங்க முடியுதுன்னு யோசி. டி.வி.யில தமிழ் தலைவாஸ் ஆடுதப்பவும் நான் ‘தலைவா’ங்கதோட நிறுத்திக்கிடுவேன். அந்த ‘ஸ்’ஸைப் பல்லில்லாத வாய் எங்க போய்த் தேடும்?

சரி, அடுத்த பேரு? ‘வாலிபர் சாம்பியன்’, சுருக்கி ‘வாசா’. ரெண்டெழுத்து, நெட்டெழுத்து, பாடம் கேட்டுட்டிய. இப்ப நிறுத்தாம இருபது தடவை சொல்லு. வாசா வாசா வாசாவாசாவா... என்னலே கேக்குது? ‘சாவா, சாவா!’ ‘மரா மரா’ன்னு சொன்ன வேடன் ‘ராம ராம’ன்னு முடிச்சு முனிவனான். நீங்க வாகை சூடக் கிளம்பி இழவு வீட்டுல முடிக்கிய. பேரை ஒருக்காச் சொல்லிப் பார்த்தா இந்தக் குத்தம் தெரியாது. திருப்பித் திருப்பிச் சொன்னாத்தான் வாலும் தலையும் ஒட்டிக்கிட்டு வேற வார்த்தை முளைக்கும்.

‘சிங்கம்’னா என்னன்னு கேக்கியா? உன் வாய்க்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா பேரு உன் வாய்க்கு மட்டுமா? எதிர்க்கரைக்காரனுக்கும் வாய் இருக்குல்லா. நீங்க ‘சிங்கம்’னு எடுக்கதுக்கு முன்ன அவன் ‘அ’ன்னு ஒத்தை எழுத்தைத் தூக்கிப் போடுவான், அவ்வளவுதான். அதுக்கப்புறம் நீங்க கத்தக் கத்த அவனுக்குத்தான் லாபம். ‘சாதனை’ன்னு வச்சா ‘வேதனை’ன்னு பதில் வரும். வேகத்தைச் சுருக்கி ‘வேகா’ன்னு ஸ்டைலா வச்சா, ‘இன்னும் ரெண்டு விசில் விடுங்கடே, பருப்பு வேகலை’ம்பான். ‘சுறா’ன்னா காதுக்கு அருமை, கடலே அதிரும். அவன் பதிலுக்கு ‘புட்டு, புட்டு’ன்னு தாளம் போடுவான். பிள்ளை பெத்தவளுக்குப் பால் சுரக்கச் சமைக்கிற பதார்த்தம் ஆயிருவிய.

அதனால பேரை முடிவு பண்ணுததுக்கு முன்னால ஒரு காரியம் செய்யி. பாதிப் பேர் கண்மாய்க் கரையில இந்தப் பக்கம் நில்லுங்க, பாதிப் பேர் அந்தப் பக்கம். இங்க உள்ளவன் பேரைக் கத்தட்டும். அங்க உள்ளவன் அதை எப்படியெல்லாம் கெடுக்கலாமோ கெடுக்கட்டும். கூடவே அஞ்சாங்கிளாஸ் பயலுவ நாலு பேரைச் சேர்த்துக்கோ. கெட்ட அர்த்தம் கண்டுபிடிக்கதுல அவனுவளை மிஞ்ச ஆள் கிடையாது. பெரியவனுக்கு ஒரு நாள் ஆகும், அவனுக்கு ஒரு நொடி போதும்.

என்கிட்ட ஒரு பேரு கேக்கியளா? ‘வேலா’ன்னு வையுங்க. ரெண்டெழுத்து, ரெண்டும் நெடில், கடைசியில வாய் ஆன்னு திறந்து நிக்கும். இருபது தடவை சொல்லு: வேலா வேலா வேலாவேலாவே... ‘லாவே’ன்னு வருது, அதுக்கு எந்த ஊருலயும் அர்த்தமில்லை. கொட்டுக்காரனும் ரெண்டு அடியில அடக்கிருவான்.

எதிர்க்கரைக்காரன் என்ன சொல்லுவான்னா கேக்கிய? ‘வேலை? வேலை?’ன்னு கேப்பான். ஆமா, கேக்கத்தான் செய்வான். மத்தியானம் மூணு மணிக்கு பதினாலு தடிப்பயலுவ என் திண்ணையில உட்கார்ந்திருக்கிய. நானும் வந்ததுல இருந்து அதைத்தாம்லே கேக்க நினைச்சேன்.

சரி, அந்த ரசீதுல நூறு ரூபாய் எழுது.