ரூ.1,199 முதல்

பொங்கலையொட்டிச் சென்னையில் புத்தகக் காட்சி நடக்கிறது. எழுத்தாளர்கள் வரிசையாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்கள் அத்தனை பேரையும்விட அந்த நாட்களில் அதிகம் படிக்கப்படுகிறவர் அங்கே இல்லை. ஏதோ ஒரு டிராவல்ஸ் ஆபீசில், பிளைவுட் மேஜைக்குப் பின்னால், சார்ஜரில் செருகிய இரண்டு போன்களோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுதுவது ஏழெட்டு வரிதான். ஆனால் வாசகர் ஒரு எழுத்தையும் தாண்டிப் போவதில்லை. மனைவிக்கு வாசித்துக் காட்டுகிறார், மைத்துனருக்கு அனுப்புகிறார், பிறகு எழுதியவரைத் திட்டுகிறார். எந்தக் கவிஞருக்கு இது வாய்க்கும்?

அவருக்குப் பெயர் உண்டு, யாருக்கும் தெரியாது. எல்லார் போனிலும் 'டிராவல்ஸ் அண்ணன்' என்றே பதிவாகியிருப்பார். 2026 பொங்கலுக்கு அவர் வகையறாவினர் ஸ்டேட்டஸில் போட்ட படைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பொங்கலோ பொங்கல்! சொந்த ஊரில் சொந்தங்களோடு!
சென்னை – நாகர்கோவில் (வழி: திருச்சி, மதுரை, நெல்லை, வள்ளியூர்)
ஏசி ஸ்லீப்பர் 2+1
ஜன. 13 செவ்வாய் இரவு
சூரப்பட்டு டோல் 9.05, போரூர் டோல் 9.50, கிளாம்பாக்கம் 11.10, பரனூர் டோல் 12.20
கட்டணம் ரூ.1,199 முதல்
சில படுக்கைகள் மட்டுமே! முந்துங்கள்!

மேலே கரும்பு, பானை, ஒரு கோலம். கீழே பஸ்ஸின் படம். பஸ் வெளிநாட்டு மலைச்சாலை ஒன்றில் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். ஜனவரி 13 இரவு ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பஸ் அப்படித் தனியாகப் போவதை அண்ணனே பார்த்ததில்லை.

இது எப்போது வெளியாகிறது என்பதில்தான் அவருடைய சாமர்த்தியமே இருக்கிறது. ரயிலுக்கு இப்போது அறுபது நாள் முன்பதிவு. பொங்கலுக்கான டிக்கெட் நவம்பர் நடுவில் ஒரு காலைப் பொழுதில், எட்டு மணிக்குத் தொடங்கி, பல் தேய்க்கப் போய் வருவதற்குள் முடிந்துவிடும். அன்றைக்கு அண்ணன் ஒன்றும் எழுதுவதில்லை. வெயிட்டிங் லிஸ்ட் வளரட்டும் என்று விட்டுவிடுகிறார். அரசு விரைவுப் பேருந்திலும் இடம் தீர்ந்து, 'எப்படியும் கன்பர்ம் ஆகிவிடும்' என்ற நம்பிக்கை வாசகருக்குள் மெல்லச் சாகும்போது கரும்போடும் பானையோடும் வருகிறார்.

முதலில் ஏறுமிடங்கள். ஒரு காலத்தில் இந்த வரி ஒரு நீள்கவிதை. கோயம்பேடு, வடபழனி, அசோக் பில்லர், கிண்டி, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு ஊராகச் சென்று, வாசகர் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும். 2024 ஜனவரியில் தெற்கே போகும் ஆம்னி பஸ்கள் கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்பவேண்டும் என்றானது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், சூரப்பட்டு, போரூர் சுங்கச்சாவடிகளிலும் ஆள் ஏற்றலாம் என்று அடுத்த மாதம் இடைக்கால உத்தரவு வந்தது. நீள்கவிதை அன்றோடு சுருங்கிப்போனது. ஆனால் அது முழுக்கச் செத்துவிடவில்லை. போனில் வாய்மொழி இலக்கியமாக வாழ்கிறது. "நீங்க பெருங்களத்தூர்லயா இருக்கீங்க? டிரைவர் நம்பர் அனுப்புறேன் சார். பேசிக்குங்க" என்பதோடு அண்ணனின் பொறுப்பு முடிகிறது. அதற்குப் பிறகு அது டிரைவருக்கும் உங்களுக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் இடையே உள்ள விவகாரம்.

அடுத்தது நேரம். 9.05 என்கிறார், 9.50 என்கிறார். அந்த ஐந்தும் ஐம்பதும் வாசகருக்குள் ஏற்படுத்தும் நம்பிக்கை பெரிது. ஒன்பது என்று மொட்டையாகச் சொன்னால் சந்தேகம் வரும். ஒன்பது ஐந்து என்று சொல்கிறவன் பொய் சொல்லமாட்டான். பொய்யும் இல்லைதான். சாலை காலியாக இருந்தால் பைபாஸில் வண்டி உண்மையாகவே அப்படித்தான் வரும். கிளாம்பாக்கத்திலிருந்து பரனூருக்குச் சாதாரண இரவில் அரைமணி போதும். போகிக்கு முந்தைய இரவில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் என்று ஒவ்வொன்றும் ஒரு யுகம். இது அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் பரனூருக்கு மட்டும் தாராளமாக ஒரு மணி பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அந்த இரவுக்கு அதுவும் பற்றாது. கூடுதலாக எழுதினால் பக்கத்துக் கடைக்காரனின் பஸ் வேகமாகப் போவதுபோல் தெரியுமே!

அந்த 12.20-ஐக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தலைப்பில் இருப்பது 13 செவ்வாய் இரவு. பரனூரில் வண்டி நிற்பதாகச் சொல்லும் நேரத்தில் காலண்டர் 14 புதனுக்கு மாறியிருக்கும். அண்ணனுக்கு விடியும்வரை ஒரே இரவுதான். கம்ப்யூட்டருக்கு நள்ளிரவோடு நாள் முடிந்தது. செங்கல்பட்டில் இருக்கும் ஒருவருக்கு டிக்கெட் வருகிறது: 14-01-2026, 12.20 ஏ.எம். அவர் கெட்டிக்காரர். 14-ஆம் தேதி காலையில் பழைய பாயை எரித்து, பகலில் தூங்கி, இரவு சாப்பிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பரனூர் சுங்கச்சாவடியில் பதினொன்றே முக்காலுக்கே போய் நிற்கிறார். அவருடைய பஸ் முந்தைய இரவே கடந்துவிட்டது. நாகர்கோவிலில் காலியாகி, கழுவப்பட்டு, எங்கோ ஓய்வெடுக்கிறது. போன் போடுகிறார்.

"அண்ணே, வண்டி எங்க வருது?"

"பி.என்.ஆர். சொல்லுங்க சார்... சார், இது நேத்து வண்டி."

"பதினாலாம் தேதின்னுதானே போட்டிருக்கு?"

"பதினாலு ஆரம்பிக்கிற அன்னிக்கு சார். முடியிற அன்னிக்கு இல்ல."

இதில் தத்துவம் இருக்கிறது, பணம் திரும்ப வருவதில்லை. நள்ளிரவு தாண்டிய நேரம் கொண்ட டிக்கெட் கையில் இருந்தால், போட்டிருக்கும் தேதிக்கு முந்தைய நாளின் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பவேண்டும். ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் செங்கல்பட்டுக்காரர் வீட்டுப் பொங்கல் தப்பியிருக்கும். அந்த வரிக்கான இடத்தைக் கரும்பு அடைத்துக்கொண்டுவிட்டது.

இப்போது கட்டணம். நேரத்தை நிமிடத்தோடு சொன்னவர் இங்கே வந்ததும் 'முதல்' என்று சொல்லி நிறுத்துகிறார். ஒரு வரிசைக்கு மூன்று, மேலே கீழே என்று ஆறு, ஆறு வரிசைக்கு முப்பத்தாறு படுக்கை. 1,199 ரூபாய்க்கு உரியது கடைசி வரிசையில், அப்பரில், ஜோடியாக இருக்கும் இடம். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உங்களை எழுப்பி ஊர் பெயர் சொல்லும். நடுவரிசையில் கீழே தனியாக இருக்கும் 'சிங்கிள் லோயர்' எல்லாருக்கும் வேண்டும், அது 2,400. ஏசி வண்டியென்பதால் ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம், 120 ரூபாய். ஆக 2,520. "1,199-ன்னு போட்டிருந்தீங்களே?" என்றால், "அது போயிடுச்சு சார்" என்பார். எப்போது போனது என்று கேட்கக் கூடாது. ஸ்டேட்டஸ் போட்ட பத்தாவது நிமிடத்தில், பெரும்பாலும் அவருடைய சொந்தக்காரருக்கே போயிருக்கும்.

"அரசாங்கம் கேட்காதா?" என்று ஒரு சார் கண்டிப்பாகக் கேட்பார். அரசு கட்டணம் நிர்ணயிப்பது ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றும் பேருந்துகளுக்கு. ஆம்னி பஸ் ஓடுவது ஒப்பந்த வாகன அனுமதியில். அதனால் பண்டிகைதோறும் அமைச்சர் எச்சரிப்பார், அதிகாரிகள் சோதனை செய்வார்கள், உரிமையாளர் சங்கம் அதிகபட்சக் கட்டணம் என்று ஒரு பட்டியல் வெளியிடும். அண்ணன் மூன்றையும் மரியாதையோடு படிப்பார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். அதை அவரே சொல்வார், கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு. "நாகர்கோவில் எழுநூறு கிலோமீட்டர் சார். போறப்போ புல். திரும்பி வர்றப்போ ஒரு ஈ, காக்கா இருக்காது. அடுத்த லோடு ஏத்தக் காலியா ஓடி வரணும். ரெண்டு பக்கமும் சேர்ந்து ஆயிரத்து நானூறு. வண்டி லிட்டருக்கு மூணரை குடுக்குது, நானூறு லிட்டர். தொண்ணூத்திரெண்டு ரூபான்னாலும் முப்பத்தாறாயிரத்து எண்ணூறு. முப்பத்தாறால வகுங்க." வகுத்தால் தலைக்கு ஆயிரத்து இருபத்துச் சொச்சம் வருகிறது. இன்னும் சுங்கம், இரண்டு டிரைவர் சம்பளம், வரி, வண்டிக்கடன் எல்லாம் பாக்கி. அந்தக் கணக்கில் 1,199 ரூபாய்க்காரர் அண்ணனுக்கு நஷ்டம். 2,520 ரூபாய்க்காரர் அந்த நஷ்டத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கீழே படுத்திருக்கிறார். எனக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியென்றே படுகிறது. கொஞ்சம் தள்ளியே ஓடுகிறது என்பதும் தெரிகிறது. எவ்வளவு என்பது கால்குலேட்டரின் நினைவகத்தில் இருக்கிறது, அவர் அந்தப் பொத்தானை அழுத்துவதில்லை.

காணும் பொங்கல் முடிந்ததும் அதே வரிகளைத் தலைகீழாக்கி 18 ஞாயிறு இரவுக்கான பதிவு வருகிறது: நாகர்கோவில் – சென்னை. அவசரத்தில் மேல்வரியை மாற்ற மறந்திருப்பார். திங்கள்கிழமை காலையில் வேலைக்கு ஓடப் போகிறவர்களை அது 'சொந்த ஊரில் சொந்தங்களோடு' என்று கிளாம்பாக்கத்துக்கு அழைக்கிறது. விலை மட்டும் தலைகீழாகவில்லை.

வள்ளியூரிலிருந்து ஒரு அம்மா பேசினார்.

"ஏ தம்பி, வரும்போது ரெண்டாயிரத்து ஐநூறு வாங்குனிய. கேட்டதுக்கு, வண்டி திரும்பிக் காலியா போவும்னு சொன்னிய."

"ஆமாம்மா."

"இப்பம் போவதுக்கும் அதே ரூவாய சொல்லுதியளே?"

"இப்பவும் அப்படித்தாம்மா. உங்கள ஏத்துறதுக்கு வண்டி அங்க காலியா வருது."

"எங்கள கொண்டாந்து விட்ட வண்டி அன்னையிலருந்து எங்க ஊரு பெட்ரோல் பங்குலதான நிக்கி? அதத்தான ஞாயித்துக்கிழம எடுக்கப் போறிய? அது எப்பம் காலியா போச்சு, எப்பம் வந்துச்சு?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு லோயர் இருக்கும்மா, ரெண்டாயிரத்துக்குப் போட்டுத் தரேன். வெளிய சொல்லிக்காதீங்க" என்றார்.

"ரெண்டு குடு. மருமவளும் வாரா."