ஐயாயிரம் ரூபாய் அறை

நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலைச் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப் பழகிய ஒரு குடும்பத் தலைவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, தையல் ஆறுவதற்குள் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அந்த விஷயத்தில் கடிதத்தால் எந்த ஆபத்தும் இல்லை.

மொத்த பில் 1,15,000 ரூபாய். அனுமதித்த தொகை 67,200. பிடித்தம் 47,800. கேஷ்லெஸ் என்பதால் மீதிப் பணத்தை டிஸ்சார்ஜ் அன்றே மச்சானின் கார்டைத் தேய்த்துக் கட்டியாகிவிட்டது. எதற்காகக் கட்டினோம் என்பதைச் சொல்லத்தான் கடிதம் வந்திருந்தது.

"ஏங்க, மூணு லட்சத்துக்குப் பாலிசி இருக்குதுன்னு சொன்னீங்களே?" என்றார் மனைவி. இருந்தது. அதே பாலிசியின் ஏதோ ஒரு பக்கத்தில், அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான் என்றும் இருந்தது. இவர்கள் எடுத்த அறைக்கு நாள் வாடகை 5,000. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் உட்கார சோபா வேண்டும் என்று மச்சான்தான் பிடிவாதமாக அந்த அறையைப் போடச் சொன்னார். சொந்தக்காரர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஹார்லிக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்று நாளைக்கு, நாளுக்கு 2,000 வீதம் 6,000 ரூபாய் கைவிட்டுப் போகும் என்பது நம்மவரின் கணக்கு. கடிதத்தின் கணக்கு வேறு. தகுதியான வாடகை 3,000, எடுத்த வாடகை 5,000. இரண்டுக்கும் உள்ள விகிதம் 60 சதவீதம். ஆகவே அறைக்கு மட்டுமல்ல, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றுக்கும் 60 சதவீதம்தான் என்று போட்டிருந்தார்கள். பெரிய அறை எடுத்தால் மருத்துவமனை மற்றக் கட்டணங்களையும் ஏற்றிவிடுகிறது, அந்த ஏற்றத்தை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது நிறுவனங்களின் நியாயம். 'ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்' என்று இதற்குப் பெயர். மச்சான் அதை இரண்டு முறை உரக்கப் படித்துவிட்டு, ஏதோ போன் வந்ததுபோல வாசலுக்குப் போய்விட்டார்.

நம்மவர் முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவர். பிடித்தப் பட்டியலை ஒரு தாளில் நான்கு வரியாக எழுதிக்கொண்டார். அறை வாடகை வித்தியாசம் 6,000. டாக்டர்கள், தியேட்டர், நர்சிங் சேர்ந்த 60,000 ரூபாயில் 40 சதவீதம், 24,000. மருந்து, வயிற்றுக்குள் வைத்துத் தைத்த வலை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சேர்ந்த 37,000 ரூபாயில் 40 சதவீதம், 14,800. கடைசியாக, 'நான் பேயபிள்' என்று 3,000.

முதல் வரியில் சண்டை போட இடமில்லை. சோபாவுக்கான விலை அது.

மூன்றாவது வரியில்தான் அவர் பென்சில் நின்றது. அறை பெரியது என்பதற்காக மருந்துக் கடைக்காரர் மாத்திரையை விலை கூட்டி விற்பாரா? மாட்டார். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் இதே சந்தேகம் வந்திருக்கிறது. விகிதக் கழிவு 'அசோசியேட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்' என்ற வகைக்கு மட்டும்தான், மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், உடலுக்குள் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவை அந்த வகையில் வராது என்று 2020 ஜூனில் அது வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் இந்தக் கழிவு கூடாது. நம்மவர் பாலிசிப் புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்து விளக்கப் பகுதியைப் புரட்டினார். அதே வாக்கியம் பொடி எழுத்தில் இருந்தது. அன்றிரவு அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியதாக மனைவி சொல்கிறார்.

இரண்டாவது வரியான 24,000 ரூபாய்க்கு ஒரு சோதனை உண்டு. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையாக இருந்தால், டாக்டர் பீஸிலும் விகிதக் கழிவு செய்யக்கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு மருத்துவமனையின் கட்டண அட்டவணை வேண்டும். மச்சான் பைக்கில் போய்க் கேட்டார். இன்சூரன்ஸ் டெஸ்க் பெண் தாளை நீட்டி, "சார், ஜெனரல் வார்டுல சர்ஜன் பீஸ் வேற, சிங்கிள் ரூம்ல வேற" என்றாராம். ஆக, அந்த 24,000 போனது போனதுதான். இல்லாத நியாயத்தைக் கடிதத்தில் எழுதி, இருக்கிற நியாயத்தையும் கெடுத்துக்கொள்ள நம்மவர் விரும்பவில்லை.

நான்காவது வரியில் கையுறை, முகக்கவசம், தெர்மாமீட்டர், பார்வையாளருக்கு வந்த சாப்பாடு. பாலிசிப் புத்தகத்தின் பின்னிணைப்பில் முதல் பட்டியலாக 68 பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்க நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. கையுறை இல்லாமல் எப்படி ஆபரேஷன் செய்வார்கள் என்று கேட்கலாம். கேட்டால் ஆறுதல் கிடைக்கும், பணம் கிடைக்காது. ஆனால் அந்த 3,000 ரூபாய்க்குள் 'கிட் – 1,100' என்று ஒரு துண்டு இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத கிட்டும் அந்த 68-இல் ஒன்று. மருத்துவமனையிடம் பிரித்து எழுதிய பில் வாங்கினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பேச முடியும். மச்சானுக்கு இரண்டாவது பைக் பயணம்.

பிறகு மின்னஞ்சல் போனது. கோபம் ஒரு வரிகூட இல்லை. கிளைம் எண், பாலிசி எண், 14,800 ரூபாய் ஏன் தவறு என்பதற்குப் பாலிசியின் பக்க எண், கிட்டுக்குப் பிரித்த பில், "எந்த விதிப்படி பிடித்தீர்கள், எழுத்தில் தெரிவிக்கவும்" என்று ஒரு கேள்வி. ஒரு பகுதியை மறுத்தாலும் எந்த நிபந்தனையின்படி என்று குறிப்பிட வேண்டியது நிறுவனத்தின் கடமை. மடல் கால் சென்டருக்குப் போகவில்லை. பாலிசியிலேயே முகவரி அச்சிட்டிருக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போனது. அவருக்கு இரண்டு வாரக் கெடு. மச்சான் தன் பங்குக்கு, "நுகர்வோர் சக்தி வாழ்க" என்று கடைசியில் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை.

மசியாவிட்டால் அடுத்த படிகளையும் நம்மவர் அதே தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தார். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் செய்யலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் மேலே சென்னை அண்ணா சாலை, தேனாம்பேட்டையில் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. நிறுவனம் கைவிரித்த பிறகோ, ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ அங்கே போகலாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நம்மவர் வாதாடுவதற்கு வெள்ளைச் சட்டையைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

அதற்கு வேலை வரவில்லை. மருந்து, வலை, பரிசோதனை மீதான கழிவை நீக்கி 14,800 ரூபாயும், கிட்டில் ஒரு பகுதியாக 700 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வந்தன. வருத்தம் தெரிவித்து ஒரு வரி வந்ததா என்றால், 'மறுபரிசீலனை செய்யப்பட்டது' என்பதோடு சரி.

இப்போது தெருவில் யாருக்குக் காப்பீட்டுக் கடிதம் வந்தாலும் நேரே நம்மவர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறது. போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் கண்புரை ஆபரேஷன் முடிந்து, பச்சைத் துணி கட்டிய கண்ணோடு வந்தார். "பார்வை எப்படிண்ணே இருக்கு?" என்று நம்மவர் கேட்கவில்லை. "ரூம் எடுத்தீங்களாண்ணே, வாடகை எவ்வளவு?" என்றுதான் கேட்டார்.